நெடுங்கால ஒப்பந்தத்தில் மறைந்திருக்கும் விலை: திருத்தச் சூத்திரத்தைப் பிரித்தெடுத்தலும் வரும் காலாண்டை முன்கூட்டி அறிதலும்

திருப்பதி, சித்தூர் மாவட்டங்களின் தொழில் வளர்ச்சியில் ஈயத்துக்குத் தனி இடம் உண்டு. 1985இல் தொடங்கப்பட்ட அமர ராஜா நிறுவனத்தின் பேட்டரி ஆலைகள் திருப்பதியை அடுத்த கரகம்பாடியிலும், சித்தூர் மாவட்டத்தின் நூனேகுண்ட்லபள்ளியிலும் இயங்குகின்றன. ஈய அமில பேட்டரியின் செலவில் பெரும்பகுதி ஈயத்துக்கே செல்கிறது. அந்த ஈயத்தின் விலைக்கு உலகம் முழுவதும் அளவுகோலாகக் கொள்ளப்படுவது லண்டன் உலோகச் சந்தையின் விலை. அது டாலரில் அறிவிக்கப்படுகிறது, நாள்தோறும் மாறுகிறது. பேட்டரி விற்பனை ஒப்பந்தங்களோ மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என நீண்ட காலத்துக்குச் செய்யப்படுகின்றன. ஐந்து ஆண்டுகளுக்கு ஒரே விலையை உறுதியளிக்க விற்பவராலும் இயலாது, வாங்குபவராலும் இயலாது. ஆகவே இத்தகைய ஒப்பந்தங்களில் விலைக்குப் பதிலாக, விலையைக் கணக்கிடும் சூத்திரம் ஒன்று எழுதி வைக்கப்படுகிறது.

அச்சூத்திரம் எண்பது பக்க ஆவணத்தின் நடுவே எங்கோ ஓரிடத்தில் இருக்கும். கையெழுத்தானபின் ஒப்பந்தம் அலமாரிக்குச் சென்றுவிடும். கணக்குப் பிரிவோ சென்ற காலாண்டின் விலையையே வரும் காலாண்டுக்கும் எடுத்துக்கொண்டு வரவு செலவை மதிப்பிடும். நடைமுறை மூலதனக் கடனுக்காக வாடிக்கையாளர்கள் வங்கிக்கு அளிக்கும் விற்பனை மதிப்பீடுகளும் இப்படியே அமைந்துவிடுகின்றன. ஒப்பந்தத்திலிருந்து சூத்திரத்தையும் அது சார்ந்திருக்கும் குறியீடுகளையும் முறையாகப் பிரித்தெடுத்து, வரவிருக்கும் விலையை எவ்வாறு கணிப்பது என்பதை இக்கட்டுரையில் ஓர் எடுத்துக்காட்டின் துணையுடன் காண்போம்.

நமக்குப் பழக்கமான ஒரு சூத்திரம்

வீட்டுக்கடன் பெற்றுள்ள வாடிக்கையாளர்களுக்கு இது முற்றிலும் புதிய செய்தி அன்று. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் வழங்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன்களும், குறு, சிறு தொழில்களுக்கான மாறும் வட்டிக் கடன்களும் வெளிக் குறியீடு ஒன்றுடன் இணைக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. பெரும்பாலான கடன்கள் ரெப்போ விகிதத்துடன் இணைக்கப்பட்டன. உங்கள் கடன் பத்திரத்தில் நான்கு செய்திகள் இருக்கும்: எந்த விகிதம் அளவுகோல், அதன்மேல் எவ்வளவு கூடுதல், எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை மாற்றம், எந்த நாளின் விகிதம் கணக்கில் கொள்ளப்படும். ரெப்போ குறைந்த செய்தியை நாளிதழில் படித்தவுடன் தவணை குறையாமல், அடுத்த மறுநிர்ணய நாளன்றே குறைவது மூன்றாவது செய்தியின் விளைவு.

விற்பனை ஒப்பந்தத்தின் விலைத் திருத்த விதியும் இதே அமைப்புடையதே. வேறுபாடு ஒன்றுதான்: கடன் பத்திரத்தில் ஒரே ஒரு குறியீடு இருக்கும், விற்பனை ஒப்பந்தத்தில் மூன்று நான்கு குறியீடுகள் இருக்கக்கூடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாளும் தனித்தனி அடிப்படை மதிப்பும் உண்டு.

எடுத்துக்காட்டு ஒப்பந்தம்

ரேணிகுண்டாவை அடுத்த காஜுலமண்டியம் தொழிற்பேட்டையில் தொலைத்தொடர்புக் கோபுரங்களுக்கான பேட்டரிகளைச் செய்யும் நடுத்தர ஆலை ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். 2019 ஏப்ரலில் அது ஒரு வாங்குநருடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. ஒரு பேட்டரியின் அடிப்படை விலை ரூ.10,000, காலாண்டுக்கு 1,000 பேட்டரிகள். இனி வரும் எண்கள் கணக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தவை. அவற்றைச் சந்தை நிலவரமாகக் கொள்ள வேண்டா.

முதற்பணி எல்லா ஆவணங்களையும் ஒன்றுசேர்த்தல். முதன்மை ஒப்பந்தம், இணைப்புகள், பின்னர் செய்த திருத்த உடன்படிக்கைகள், கொள்முதல் ஆணைகள், விலை குறித்து இருதரப்பும் ஒப்புக்கொண்ட கடிதங்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்க வேண்டும். இவை முரண்பட்டால் எது மேலோங்கும் என்று கூறும் விதி முதன்மை ஒப்பந்தத்தின் தொடக்கத்திலோ இறுதியிலோ இருக்கும். அதை முதலில் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த விதியைப் படிக்காமல், காலாவதியான சூத்திரத்தை வைத்துக் கணக்கிடுவது எளிதில் நிகழக்கூடிய பிழை.

அடுத்தது தேடல். ஆங்கில ஒப்பந்தங்களில் இவ்விதிக்கு ஒரே பெயர் இருப்பதில்லை. வேரியேஷன், எஸ்கலேஷன், ரிவிஷன், அட்ஜஸ்ட்மெண்ட், இண்டெக்ஸ், பேஸ் பிரைஸ், பாஸ் த்ரூ ஆகிய எல்லாச் சொற்களையும் கொண்டு தேட வேண்டும். தொழிலாளர் ஊதியம் உயர்ந்தால் விலை மாறும் என்பது போன்ற விதிகள் இச்சொற்கள் எதுவுமின்றி, சட்ட மாற்றம் குறித்த பகுதியில் அமைந்திருப்பதும் உண்டு. ஆகவே தேடல் முடிந்தபின் விலை, வரி, சட்ட மாற்றம் ஆகிய மூன்று பகுதிகளை முழுமையாகப் படித்துவிடுவதே பாதுகாப்பு. ஸ்கேன் செய்த பழைய பிரதியானால் மேலும் ஒரு கவனம் தேவை. கணினி அதை எழுத்தாக மாற்றும்போது எழுத்தின் அடியில் இருக்கும் சிறிய சுழியம் மறைந்துபோகும். தசமப் புள்ளி நழுவி 0.65 என்பது 065 ஆகும். எண்களைத் தாளுடன் ஒப்பிட்டே ஏற்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் விடை ஐந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது. பதினான்காம் விதி, இணைப்பு மூன்றின்படி விலை திருத்தப்படும் என்று மட்டும் கூறுகிறது. இணைப்பு மூன்றில் சூத்திரம் இருக்கிறது. சூத்திரத்தின் எழுத்துகளுக்குரிய பொருள் முதல் விதியின் சொல்விளக்கத்தில் இருக்கிறது. முதல் திருத்த உடன்படிக்கை மூன்று விழுக்காட்டு வரம்பு ஒன்றைச் சேர்த்திருக்கிறது. இரண்டாம் திருத்தம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்றிருந்ததைக் காலாண்டுக்கு ஒருமுறை என மாற்றியிருக்கிறது.

சூத்திரமும் அதன் உறுப்புகளும்

இணைப்பு மூன்றில் உள்ள சூத்திரம் இது:

```
P = P0 × [0.15 + 0.65 × (L × E)/(L0 × E0) + 0.20 × (C/C0)]
```

P என்பது புதிய விலை. P0 அடிப்படை விலை. L என்பது டன் ஒன்றுக்கு டாலரில் ஈயத்தின் விலை. E ஒரு டாலருக்குரிய ரூபாய். C தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண். சுழியம் இட்டவை ஒப்பந்த நாளின் அடிப்படை மதிப்புகள்: L0 2,000, E0 70, C0 312. விலையில் 15 விழுக்காடு என்றும் மாறாதது, 65 விழுக்காடு ஈயத்தைச் சார்ந்தது, 20 விழுக்காடு கூலியைச் சார்ந்தது என்பதே இதன் பொருள்.

பிரித்தெடுத்தவுடன் இரண்டு எளிய சோதனைகள் செய்யலாம். மூன்று பங்குகளையும் கூட்டினால் சரியாக 1 வர வேண்டும். அடிப்படை மதிப்புகளையே சூத்திரத்தில் இட்டால் விடை ரூ.10,000 ஆக வர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் எண் ஒன்றைத் தவறாகப் படித்திருக்கிறோம் என்பது உறுதி.

ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் ஈயத்தின் சராசரி 2,100 டாலர், டாலரின் சராசரி 80 ரூபாய் என்போம். ஈயம் ஐந்து விழுக்காடு மட்டுமே உயர்ந்தது போலத் தோன்றுகிறது. ஆயினும் ரூபாயில் பார்த்தால் 1,40,000 ஆக இருந்த டன் விலை 1,68,000 ஆகிவிட்டது. உயர்வு 20 விழுக்காடு. நாணய மாற்றை விட்டுவிட்டு லண்டன் விலையை மட்டும் கவனிப்பவர், உயர்வின் பெரும்பகுதியைக் காணாமலே போவார்.

குறியீட்டின் பெயர் மட்டும் போதாது

ஈயத்தின் விலை என்று எழுதினால் அது எந்த விலை? லண்டன் சந்தையில் உடனடி விலையும் உண்டு, மூன்று மாத விலையும் உண்டு, இரண்டும் ஒன்றல்ல. உள்நாட்டில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்தின் அறிவிப்பு விலையை அளவுகோலாகக் கொள்ளும் ஒப்பந்தங்களும் உள்ளன. அது ரூபாயிலேயே இருப்பதால், அதனோடு டாலர் மதிப்பையும் பெருக்கினால் நாணய மாற்றை இருமுறை சேர்த்ததாகிவிடும். ஆகவே குறியீட்டின் முழுப்பெயர், வெளியிடும் அமைப்பு, எந்த வகை விலை, எந்த நாணயம், எந்தக் காலத்தின் சராசரி என்ற ஐந்தையும் ஒப்பந்தத்தின் சொற்களிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

குறியீட்டை வெளியிடும் அமைப்பே மாறுவதும் உண்டு. ரூபாய் டாலர் குறிப்பு விகிதத்தை முன்னர் ரிசர்வ் வங்கி கணக்கிட்டு அறிவித்துவந்தது. 2018 ஜூலை முதல் அப்பணியை எஃப்.பி.ஐ.எல். என்னும் நிதி அளவுகோல் நிறுவனம் ஏற்றது. அதன்பின் செய்த ஒப்பந்தங்களிலும், பழைய வரைவைப் பின்பற்றியதால், ரிசர்வ் வங்கியின் விகிதம் என்றே எழுதியிருக்கலாம். பொருளில் ஐயம் இல்லை எனினும், எந்த வெளியீட்டைப் பின்பற்றுகிறோம் என்பதை வாங்குநருடன் கடிதம் மூலம் ஒருமுறை உறுதிசெய்துகொள்வது பின்னாளைய வழக்கைத் தவிர்க்கும்.

இதனினும் பெரிய இடர் அடிப்படை ஆண்டு மாறும்போது எழுகிறது. தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண் 2020 ஆகஸ்ட் வரை 2001ஆம் ஆண்டை 100 எனக் கொண்டு வெளிவந்தது. 2020 செப்டம்பர் முதல் 2016ஆம் ஆண்டு 100 எனக் கொள்ளப்பட்டது. இரு தொடர்களையும் இணைக்கத் தொழிலாளர் பணியகம் அகில இந்திய அளவில் 2.88 என்ற இணைப்புக் காரணியை அறிவித்தது. நம் ஒப்பந்தத்தின் அடிப்படை மதிப்பு 312 என்பது பழைய தொடரைச் சேர்ந்தது. புதிய தொடரில் குறியீட்டெண் 130 என்றால், அதை 2.88 ஆல் பெருக்கி 374.4 ஆக்கிய பின்னரே 312 ஆல் வகுக்க வேண்டும். அப்போது விகிதம் 1.20 எனக் கிடைக்கும். பெருக்க மறந்தால் விகிதம் 0.42 ஆகச் சுருங்கும். பேட்டரி ஒன்றுக்கு ஏறத்தாழ ரூ.1,570 குறையும். ஒப்பந்தம் அகில இந்தியக் குறியீட்டுக்குப் பதிலாகத் தனி மையம் ஒன்றின் குறியீட்டைக் குறிப்பிட்டிருந்தால், அம்மையத்துக்குரிய காரணி வேறு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இவ்வளவு பெரிய பிழை எவர் கண்ணிலும் பட்டுவிடும். சிறிய பிழைகளே நீண்டகாலம் மறைந்திருப்பவை. அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு.

பழைய இன்வாய்ஸே உரைகல்

பிரித்தெடுத்த சூத்திரத்தைக் கொண்டு வருங்காலத்தைக் கணிக்குமுன், கடந்த காலத்தைக் கணித்துப் பார்க்க வேண்டும். வாங்குநர் ஏற்றுப் பணம் செலுத்திய பழைய இன்வாய்ஸ் ஒன்றின் விலையை நம் சூத்திரம் ரூபாய் பிசகாமல் தருமானால் பிரித்தெடுத்தது சரி. தராவிட்டால், எவ்வளவு வேறுபடுகிறது என்பதே தவறு எங்கே என்று காட்டிக்கொடுக்கும்.

ஏப்ரல், மே, ஜூன் மாதங்களின் சராசரியைக் கொண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான விலை கணக்கிடப்படுகிறது. மேற்கண்ட எண்களை இட்டால்:

```
0.15 + 0.65 × 1.20 + 0.20 × 1.20 = 1.17
10,000 × 1.17 = 11,700
```

ஆனால் அக்காலாண்டின் இன்வாய்ஸில் இருந்த விலை ரூ.11,400. வேறுபாடு சரியாக 300 ரூபாய். குறியீட்டிலோ நாளிலோ பிழை இருந்தால் வேறுபாடு இப்படி முழு எண்ணாக வருவது அரிது. 300 என்பது அடிப்படை விலையில் மூன்று விழுக்காடு. ஆகவே மீண்டும் பார்க்க வேண்டிய இடம், மூன்று விழுக்காட்டு வரம்பைச் சேர்த்த முதல் திருத்த உடன்படிக்கை.

அதை முதலில் படித்தவர், மூன்று விழுக்காட்டுக்குள் மாற்றம் இருந்தால் விலை மாறாது என்று மட்டும் குறித்திருந்தார். வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதைக் குறிக்கவில்லை. அடுத்த வரியில் விடை இருந்தது: மூன்று விழுக்காட்டுக்கு மேற்பட்ட பகுதி மட்டுமே விலையில் சேரும். பதினேழு விழுக்காடு உயர்ந்தாலும் விற்பவருக்குக் கிடைப்பது பதினான்கு விழுக்காடே. வரம்பு விதியைக் காணும்போதெல்லாம் இரண்டு வினாக்களுக்கு விடை தேட வேண்டும். வரம்பைத் தாண்டினால் முழு மாற்றமும் சேருமா, மிகுதி மட்டும் சேருமா? மாற்றம் அளக்கப்படுவது அடிப்படை விலையிலிருந்தா, கடைசியாகத் திருத்திய விலையிலிருந்தா?

ஒரே ஒரு காலாண்டைச் சோதித்து நிறுத்திவிடலாகாது. விலை ஏறிய காலாண்டு ஒன்று, இறங்கிய காலாண்டு ஒன்று, மாறாமல் இருந்த காலாண்டு ஒன்று என மூன்றையாவது சோதிக்க வேண்டும். ஏற்றத்துக்கு ஒரு விதியும் இறக்கத்துக்கு வேறு விதியுமாக எழுதிய ஒப்பந்தங்கள் உண்டு. சில வேளைகளில் சூத்திரம் சரியாக இருந்து இன்வாய்ஸே தவறாக இருந்தது தெரியவரும். அப்போது விற்பவர் குறைவாக வாங்கியிருந்தால் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி டெபிட் நோட்டும், மிகுதியாக வாங்கியிருந்தால் கிரெடிட் நோட்டும் வழியாகச் சரிசெய்ய வேண்டும். பழைய காலாண்டுகளுக்கு உரிமை கோர ஒப்பந்தம் காலவரம்பு விதித்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

வரும் காலாண்டின் விலையில் எவ்வளவு முன்பே தெரியும்?

இனி கணிப்புக்கு வருவோம். இன்று செப்டம்பர் முதல் நாள் என்று கொள்வோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான விலை, ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிய மூன்று மாதங்களின் சராசரியைச் சார்ந்தது. இவற்றுள் இரண்டு மாதங்கள் முடிந்துவிட்டன. கூலிக் குறியீட்டுக்குக் காலாண்டு தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முந்தைய எண், அதாவது ஜூலையின் எண், பயன்படுத்தப்படும் என்பது ஒப்பந்தம். தொழிலாளர் பணியகம் ஒவ்வொரு மாதத்தின் எண்ணையும் அடுத்த மாத இறுதியில் வெளியிடுவதால் அதுவும் கைக்கு வந்துவிட்டது. அறிய வேண்டியது செப்டம்பர் மாதத்து ஈய விலையும் டாலர் மதிப்பும் மட்டுமே.

ஜூலையில் ஈயம் 2,100 டாலர், ஆகஸ்டில் 2,040 டாலர். டாலர் 80 ரூபாய். கூலிக் குறியீட்டெண் மீண்டும் 130 என்போம். செப்டம்பரிலும் ஈயம் 2,040 ஆகவே நின்றால் மூன்று மாதச் சராசரி 2,060. சூத்திரத்தில் இட்டு, மூன்று விழுக்காட்டைக் கழித்தால், அக்டோபர் விலை ரூ.11,251. செப்டம்பரில் ஈயம் பத்து விழுக்காடு ஏறினால் ரூ.11,504. பத்து விழுக்காடு இறங்கினால் ரூ.10,999.

ஈயம் ஒரு மாதத்தில் பத்து விழுக்காடு ஏறினும் இறங்கினும், பேட்டரியின் விலை ஏறத்தாழ 250 ரூபாய்தான் இருபுறமும் நகர்கிறது. மூன்று மாதங்களுள் ஒன்று மட்டுமே எஞ்சியிருப்பதும், விலையில் 65 விழுக்காடு மட்டுமே ஈயத்தைச் சார்ந்திருப்பதும் இதற்குக் காரணங்கள். ஆகவே ஈயச் சந்தையின் போக்கை ஊகிக்கும் திறன் இல்லாத கணக்கரும், சூத்திரம் கையில் இருந்தால், ஒரு காலாண்டுக்குரிய விற்பனை வருவாயை ஒரு குறுகிய எல்லைக்குள் கூறிவிடலாம். அதற்கடுத்த ஜனவரி காலாண்டுக்கு இந்த உறுதி இல்லை. அங்கே ஒரே எண்ணைத் தராமல், ஏற்றம், நிலை, இறக்கம் என மூன்று எண்களைத் தருவதே நேர்மையான மதிப்பீடு.

தற்காலிக இடைவெளியும் நிலையான இழப்பும்

இக்கணக்கு வாடிக்கையாளருக்கும் வங்கிக்கும் சொல்லும் முதன்மையான செய்தி வேறொன்று. விலை ஏற்றத்தால் விற்பவருக்கு ஏற்படும் பற்றாக்குறை இருவகைப்படும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது சூத்திரமே.

ஈயம் அடிப்படை நிலையிலிருந்து ஒரே காலாண்டில் ரூபாய்க் கணக்கில் 20 விழுக்காடு உயர்ந்துவிட்டதாகக் கொள்வோம். பேட்டரியில் ஈயத்தின் பங்கு ரூ.6,500 ஆகையால் கூடுதல் செலவு ரூ.1,300. ஆலை ஈயத்தை இன்றே புதிய விலையில் வாங்குகிறது. வாங்குநரோ அடுத்த காலாண்டு முதலே புதிய விலை தருவார். 1,000 பேட்டரிகளுக்கு ரூ.13 லட்சம் இடைவெளி விழுகிறது. விலை அந்த உயரத்திலேயே நின்றால், அடுத்த காலாண்டு முதல் பில் தொகையும் உயர்ந்து இந்த அழுத்தம் தணியும். ஈயம் இறங்கும் காலாண்டில் இதே தாமதம் விற்பவருக்குச் சாதகமாக அமையும். இது தற்காலிக இடைவெளி. நடைமுறை மூலதனக் கடன் வரம்பு இதற்கென்றே உள்ளது. எந்த மாதம் எவ்வளவு தேவைப்படும் என்பதைச் சூத்திரத்தைக் காட்டி முன்கூட்டியே கேட்க இயலும்.

மூன்று விழுக்காட்டு வரம்பால் வராமல் போகும் ரூ.300 அத்தகையதன்று. விலை உயர்ந்து நிற்கும் ஒவ்வொரு காலாண்டிலும் 1,000 பேட்டரிகளுக்கு ரூ.3 லட்சம் வராமலே போகும். அது இலாபத்தில் விழும் குறைவு. அதைக் கடன் வரம்பை உயர்த்தி நிரப்ப முயன்றால், அசலும் வட்டியும் சேர்ந்து வளருமே தவிர, திரும்பி வரும் பணம் எதுவும் இல்லை. அதற்குத் தீர்வு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் நாளில் வரம்பைக் குறைத்துப் பேசுவதே. பேட்டரியில் உண்மையாகச் சேரும் ஈயத்தின் செலவுப் பங்கு 65 விழுக்காட்டைவிட மிகுதியாக இருந்தாலும் இதே நிலைதான். அந்த வேறுபாட்டையும் சூத்திரம் ஒருபோதும் ஈடுசெய்யாது.

குறியீடே இல்லாத பொருள்: சித்தூர் மாங்கூழ்

ஈயத்துக்கு நாள்தோறும் வெளியாகும் அளவுகோல் இருக்கிறது. சித்தூர் வட்டாரத்தின் மற்றொரு பெருந்தொழிலான மாங்கூழுக்கு அத்தகைய ஒன்று இல்லை. தோதாபுரி எனப்படும் கிளிமூக்கு மாம்பழத்தின் விலை பருவந்தோறும் வரத்தையும் ஆலைகளின் தேவையையும் பொறுத்து அமைகிறது. ஆகவே அரசு அறிவிக்கும் விலை அளவுகோலாக எழுதப்படும் வாய்ப்பு உண்டு. 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் நிகழ்ந்தது, இப்படி எழுதுவதில் உள்ள இடரைக் காட்டுகிறது.

அவ்வாண்டு பழவிலை சரிந்தபோது, உழவருக்குக் கிலோவுக்கு ரூ.12 கிடைக்க வேண்டும் என்று ஆந்திர அரசு முடிவுசெய்தது. அதில் ரூ.8 ஆலைகள் தர வேண்டியது, ரூ.4 அரசின் மானியம். அரசு அறிவித்த கொள்முதல் விலைப்படி கூழின் விலை மாறும் என்று மட்டும் ஓர் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அந்த விலை 8 ரூபாயா, 12 ரூபாயா? ஆலையின் செலவு எட்டு. உழவரின் வரவு பன்னிரண்டு. இரண்டையும் அரசு அறிவித்த விலை என்று வாதிடலாம். அறிவிப்பு எதுவும் வராத ஆண்டில் என்ன செய்வது என்ற வினாவும் எஞ்சுகிறது. பிரித்தெடுக்கும்போது இத்தகைய விதி தென்பட்டால், அதற்கு ஒரு பொருளைத் தாமாகக் கற்பித்துக் கணக்கில் ஏற்றலாகாது. தெளிவில்லை என்று குறித்து, பருவம் தொடங்குமுன் வாங்குநரிடம் எழுத்து மூலம் விளக்கம் பெற வேண்டும்.

ஓர் ஒப்பந்தத்துக்கு ஒரு வரிசை

மேற்கண்டவை அனைத்தும் கணினி அட்டவணையில் ஒப்பந்தத்துக்கு ஒரு வரிசையில் அடங்கிவிடும். சூத்திரம், ஒவ்வொரு குறியீட்டின் முழுப்பெயரும் வெளியிடுபவரும், அடிப்படை மதிப்பும் அதன் தொடரும், சராசரி காணும் காலம், விலை நடைமுறைக்கு வரும் நாள், வரம்பு விதி, இவை ஒவ்வொன்றும் எந்த ஆவணத்தின் எந்தப் பக்கத்தில் உள்ளன என்ற குறிப்பு, கடைசியாக எந்த இன்வாய்ஸைக் கொண்டு சரிபார்க்கப்பட்டது என்ற பதிவு. பக்க எண்ணைக் குறிக்காத அட்டவணையை அடுத்து வருபவர் சோதிக்க இயலாது. புதிய திருத்த உடன்படிக்கை கையெழுத்தாகும் நாளிலேயே வரிசையையும் திருத்தும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

அடுத்த முறை கடன் வரம்பைப் புதுப்பிக்கக் கிளைக்கு வரும்போது, விற்பனை மதிப்பீட்டுடன் இந்த அட்டவணையையும் கொண்டு வருமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மதிப்பீட்டிலுள்ள எண் எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்கு அதிலேயே விடை இருக்கும். கேட்கும் தொகையில் எவ்வளவு திரும்பி வரும் இடைவெளி, எவ்வளவு திரும்பி வராத குறைவு என்பதையும் இருதரப்பும் ஒரே தாளில் காண இயலும்.